ரெண்டு அமுக்குக்கு நிற்கும் கார்

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் கார் இருந்தது என்று சொன்னால் இப்போதும் சிலர் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். பெரிய பவிசோடு வாழ்ந்து கெட்டவள் என்று நினைப்பார்கள் போல. அது வாடகைக் கார். எங்களுக்கு முன்னால் மூன்று பேர் வைத்திருந்து, மூன்று பேரும் தலைமுழுகிய கார். எழுபதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் அதை வாங்கினார். என் கழுத்தில் கிடந்த ரெட்டை வடச் சங்கிலி அந்தக் காருக்குள்தான் போனது. அதனால் அதைப் பற்றிப் பேச எனக்குப் பாத்தியதை உண்டு என்று நானே முடிவு செய்துகொண்டு, வேண்டிய மட்டும் பேசினேன்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நாலைந்து வாடகைக் கார்கள் நிற்கும். எங்களுடையது கடைசியில் நிற்கும். மற்ற கார்கள் கிடைக்காதவர்கள்தான் எங்களிடம் வருவார்கள். கல்யாணத்துக்குப் பெண் அழைக்க, திருச்சுழியில் பத்திரம் பதிய, மதுரை பெரியாஸ்பத்திரிக்கு ஆள் கொண்டுபோக. கரிசல்காட்டு ஊர்களிலிருந்து பிரசவக் கேஸ் வந்தால் என் வீட்டுக்காரர் வாடகை பேசவே மாட்டார். முதலில் ஏற்றிக்கொண்டு போவார், பிறகு கொடுத்ததை வாங்கிக்கொள்வார். நல்ல மனுஷர்தான். ஆனால் நல்ல மனுஷருக்கும் நல்ல காருக்கும் சம்பந்தமில்லை.

அந்தக் கார் கொதிக்கும். விருதுநகருக்குக் கிளம்பினால் பாலவனத்தம் தாண்டுவதற்குள் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பிவிடும். நிறுத்தி, சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, அப்புறம்தான் நகரும். அதற்குள் ஏறியிருப்பவர்கள் உடைமர நிழலில் குந்தி, "என்ன டிரைவர், காபி ரெடியா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். எங்கள் தெரு நெசவுத் தெரு. தெருக்காரர்கள் தங்களுக்குள் தெலுங்கில் பேசிச் சிரிப்பார்கள். என்னைக் கண்டதும் தமிழுக்கு மாறி, "காரு சௌக்கியமா அக்கா?" என்பார்கள். தெலுங்கில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன?

கொதிக்கிறதோடு போனால் பரவாயில்லை. அதிகமாகச் சூடேறினால் இன்ஜினின் மேல்மூடி லேசாக வளைந்துவிடும். மூடிக்கும் அடிக்கட்டைக்கும் நடுவில் ஒரு தகடு உண்டு, கேஸ்கட் என்பார்கள். மூடி வளைந்தால் அது வெடித்துவிடும். தண்ணீர் ஆயிலோடு கலந்து, ஆயில் மோர் மாதிரி வெளுத்துப்போகும். மூன்று வருஷத்தில் அந்தத் தகடு ஐந்து தடவை போனது. ஒவ்வொரு தடவையும் மூடியைக் கழற்றி மதுரைக்கு அனுப்பி, மட்டம் பார்த்து இழைத்து வரவேண்டும். தகடு விலை கொஞ்சம்தான், அதைச் சுற்றி நடக்கிற வேலைதான் ஆளைக் கொல்லும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நடுவில் பிரேக்குக்கும் என்னவோ ரப்பர் மாற்றினார் என்று ஞாபகம். அது சின்னச் செலவு. அதனால் நான் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியதும் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இதை வித்துத் தொலைங்க. இதுக்கு வைத்தியம் பாத்தே நம்ம கிழவன் கிழவி ஆயிருவோம்" என்றேன்.

"வித்துட்டு? புதுக் காருக்கு எழுதி வச்சா வருஷக்கணக்குல ஆகும். பழசு வாங்கினா இன்னொருத்தன் தலைவலிய பெயின்ட் அடிச்சு வாங்குறோம். இதோட சீக்காவது எனக்குத் தெரியும்."

தெரியாத தேவதையைவிடத் தெரிந்த பேயே மேல் என்பது அவர் கட்சி. எனக்குப் பேயும் வேண்டாம், தேவதையும் வேண்டாம். போகிற இடத்துக்குப் போய்ச் சேருகிற கார் இருந்தால் போதும்.

அந்தச் சமயத்தில்தான் நூல்கடை பாய் ஒரு பேச்சுச் சொன்னார். அவர் என் வீட்டுக்காரரின் பழைய வாடிக்கை. சொந்தக் கார் வைத்திருந்தார். கண் மங்க ஆரம்பித்ததால் ஓட்ட முடியவில்லை, ஓட்ட வைத்திருந்த ஆளும் மெட்ராஸ் போய்விட்டான். எங்கள் காரைவிடப் பத்துப் பன்னிரண்டு வருஷம் பிந்திய வண்டி, ஒரே கையில் இருந்தது.

"வெளிய குடுக்க மனசில்ல தம்பி. நீங்க எடுத்துக்கிறதுன்னா பாத்துச் சொல்றேன். அவசரமில்ல. இப்ப ஆடி பொறந்திருச்சு, நீங்க வாங்க மாட்டீங்க. ஆவணி ஒண்ணாந்தேதி வந்து வாங்குறோம், இல்ல வாங்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார்.

ஆடியில் எங்கள் பக்கம் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள். கல்யாணமும் கிடையாது, சவாரியும் குறைவு. ஒரு மாதம் யோசிக்க நேரம் கிடைத்தது. யோசித்தோம் என்று சொல்வதைவிடச் சண்டை போட்டோம் என்று சொல்லலாம். எங்கள் காரை ஓடுகிற நிலையில் விற்றால் ஒரு தொகை வரும், அதோடு கைமாற்று வாங்கினால் பாயின் காரை எட்டிப் பிடிக்கலாம். கணக்கு இவ்வளவுதான். அவரோ, அந்தக் கைமாற்றை இந்தக் காருக்குள்ளேயே போட்டு ஒரேயடியாகச் சரி செய்துவிடலாம் என்று நின்றார்.

ஆடி இரண்டாம் வாரம் ஆறாவது தடவையாகத் தகடு போனது. ஊர் மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நானும் எத்தனை தடவைதான் இதையே மாத்துறது? ரேடியேட்டரைக் கழட்டி விருதுநகர் கொண்டு போங்க. அங்க ஒருத்தர் ஈயம் பத்தவைக்கிறவர் இருக்காரு. உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். மூடியை இழைத்து, புதுத் தகடும் போட்டு, இன்ஜினை அவர் பூட்டி வைத்தார்.

நானும் வருவேன் என்றேன். என் வீட்டுக்காரர் போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்கிறதில் பாதிதான் என் காதுக்கு வரும் என்பது எனக்குத் தெரியும். ரேடியேட்டரைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸின் மேலே போட்டு விருதுநகர் போனோம்.

கடைக்காரர் அதிகம் பேசாத ஆள். ரேடியேட்டரை ஒரு கட்டையில் சாய்த்து, ஊதுவிளக்கால் மேல்தொட்டியின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றிச் சுட்டார். ஈயம் இளகியதும் தொட்டியைத் தனியாகத் தூக்கி வைத்தார். உள்ளே வரிசை வரிசையாகச் சன்னக் குழாய்களின் வாய் தெரியவேண்டும். அங்கே குழாயும் தெரியவில்லை, வாயும் தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு பூசியது போல் இருந்தது. திருப்புளியால் தட்டினார். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"என்ன தண்ணி ஊத்துறீக?" என்றார்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. எங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவுக்குள் இதே பொருக்குத்தான் இருக்கும். மாதத்துக்கு ஒரு தடவை நான்தான் உளியை வைத்துத் தட்டி எடுப்பேன்.

காருக்குத் தண்ணீர் நிரப்பி வைக்கிறது என் வேலை. தினமும் காலையில் இரண்டு தகர டின். எங்கள் கொல்லைக் கிணறு உப்புத் தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீருக்கு ஊருணிக்குப் போகவேண்டும். கோடையில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு, ஒரு குடம் நிறைய ஒரு நாழிகை ஆகும். அப்படிக் கொண்டுவருகிற தண்ணீரைக் காருக்கா ஊற்றுவாள் ஒருத்தி? எங்கள் ஊர்ப் பெண்களில் ஒருத்தியும் ஊற்றமாட்டாள். உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றினேன். மூன்று வருஷமாகத் தினம் இரண்டு டின், கொதித்து ஆவியாகி உப்பை மட்டும் உள்ளே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. நான் அந்தக் காரைக் கரித்துக் கொட்டிய நாளெல்லாம் அதைக் கெடுத்ததும் நான்தான்.

என் வீட்டுக்காரர் கடைக்காரரிடம், "கிணத்துத் தண்ணிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். இந்த மனுஷர் அதற்கும் வழி வைக்கவில்லை.

"எனக்குத் தெரியுமா? நீங்க சொல்லியிருக்கணும்ல?" என்றேன் நானாகவே.

"எனக்குத் தெரிஞ்சாத்தான சொல்றதுக்கு? நானும் போற வழியில எந்தக் கிணறு இருக்கோ அதுலதான மொண்டேன்" என்றார்.

கடைக்காரர் நீளமான தட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டுக் குத்திக் குத்தி உப்பை எடுத்தார். இரண்டு குழாய் ஓட்டை. அவற்றை அடைத்தார். தொட்டியை மறுபடி பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, காற்று விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். சாயங்காலமாகிவிட்டது. கொடுக்கும்போது, "இன்ஜினுக்குள்ளயும் இதே உப்பு இருக்கும். மேல்மூடிய இழைச்சுட்டீகளாம்ல, தண்ணி ஓடுற வழியையும் சுரண்டச் சொல்லுங்க. இனிமே நல்ல தண்ணி ஊத்துங்க. இன்னும் பல வருஷம் ஓடும்" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் கட்சி மாறிவிட்டேன். அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கார் மேல் குற்றமில்லை, குற்றம் என்னுடையது. அப்புறம் அதை எதற்கு விற்பது? பாயின் காரை வாங்கினாலும் இதே தண்ணீரைத்தானே அதற்கும் ஊற்றியிருப்பேன்? நாளையிலிருந்து ஒரு நடை கூடுதலாக ஊருணிக்குப் போய்விட்டால் தீர்ந்தது. "நம்ம காரே போதுங்க" என்றேன். அவருக்குச் சந்தோஷம். ஜெயித்தவர் முகத்தைக் காட்டாமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊர் மெக்கானிக் உள்வழியெல்லாம் சுரண்டி, ரேடியேட்டரைப் பூட்டிக் கொடுத்தார். ஆடி மூன்றாம் வாரம் ஒரு நாள் கடைக்காரருக்குப் பாக்கியிருந்த கூலியைக் கொடுக்க விருதுநகர் கிளம்பினோம். வெள்ளோட்டம் பார்த்த மாதிரியும் ஆகும் என்று என்னையும் கூப்பிட்டார். முன்சீட்டில் உட்காரச் சொன்னார். அந்தக் காரில் முன்சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எப்போது ஏறினாலும் பிள்ளைகளோடு பின்னால்தான் கிடப்பேன்.

பாலவனத்தம் வந்தது, தாண்டியது. ஆவி வரவில்லை. சூடு காட்டுகிற முள் பாதியிலேயே நின்றது. விருதுநகர் போய்த் திரும்பினோம், அப்போதும் கொதிக்கவில்லை. ஆடிக்காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது, கண்ணாடியை ஏற்றக்கூட மனசு வரவில்லை எனக்கு. அவ்வளவு சந்தோஷம். சங்கிலி திரும்பக் கழுத்துக்கு வந்துவிட்டது போல் இருந்தது.

திரும்பும் வழியில் பாலவனத்தத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவு. வளைவு திரும்பியதும் ரோட்டை அடைத்துக்கொண்டு செம்மறி ஆடுகள். அவற்றுக்கு நடுவில் ஆடு மேய்க்கிற ஒரு பெண், தலையில் தூக்குச்சட்டி. என் வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. காலை எடுத்து மறுபடி மிதித்தார். மூன்றாவது தடவையும் மிதித்தார். கியரை மாற்றி, கைப்பிரேக்கை இழுத்தார். கார் முனகிக்கொண்டே போய், அந்தப் பெண்ணின் சேலை முன்பக்கத்தில் உரச நின்றது. ஒரு ஆடு முன்சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. மற்ற ஆடுகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. அந்தப் பெண் தூக்குச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்டுக்கு விலை பேசி, அவளுக்குத் தண்ணீர் கொடுத்து எழுப்பிவிட்டு, காருக்குள் வந்து உட்கார்ந்தோம்.

"எதுக்கு மூணு தடவ மிதிச்சீக?"

"அது எப்பவுமே அப்படித்தான். ரெண்டு அமுக்கு அமுக்கினாத்தான் புடிக்கும். இன்னைக்கு மூணு ஆயிருச்சு."

"எப்பவுமேன்னா?"

"ரெண்டு வருசமா."

அவர் அதை ஒளித்துச் சொல்லவில்லை. கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தணும் என்று சொல்வது போலத்தான் சொன்னார். அவருக்கு அது கோளாறே இல்லை, காரின் பழக்கம். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற டிரைவர்கள் எல்லோரும் தங்கள் காரைப் பற்றி இப்படி ஒன்றிரண்டு சொல்வார்கள், சிரிப்பார்கள். எவன் கார் எத்தனை அமுக்குக்கு நிற்கும் என்பது அவர்களுக்குள் ஒரு பெருமைப் பேச்சு. கொதிக்கிற காருக்கு ஊரே சிரித்தது, நாங்கள் அழுதோம், கடன் வாங்கினோம். வழியில் நின்றுபோகிற கோளாறு எல்லோர் கண்ணிலும் படுகிறது. நிற்காமல் போகிற கோளாறு ஒருவர் கண்ணிலும் படவில்லை. அதற்குச் செலவும் கம்மி, தலைகுனிவும் கம்மி.

வீட்டுக்குப் போகவில்லை. நேராக மெக்கானிக்கிடம் விடச் சொன்னேன். அவர் மிதியை ஒரே அமுக்காக அமுக்கிக் காலை அப்படியே வைத்திருந்தார். மிதி மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கியது.

"மாஸ்டர் சிலிண்டர் அண்ணாச்சி. நீங்க அமுக்குற அமுக்கை நாலு சக்கரத்துக்கும் ஆயில் வழியா அனுப்புறது அதுதான். உள்ள இருக்கிற ரப்பர் வாஷர் ஆயிலை விட்டுருது. நானே மூணு தடவ மாத்திட்டேன்."

"நாலாவது தடவ மாத்துனா?" என்று நான் கேட்டேன்.

"சிலிண்டருக்கு உள் சுவரு அரிச்சுக் குழி விழுந்திருச்சு மதினி. புது ரப்பரை அது அறுத்துரும். சிலிண்டரையே மாத்தணும். இந்த வண்டி போடுறத நிப்பாட்டிப் பல வருசமாச்சு, மதுரையில கேட்டாச்சு, கிடைக்கல. லேத்துல கொடுத்து உள்ள குழாய் சொருகிப் பாக்கலாம். ஆனா சக்கரத்துல இருக்கிற சிலிண்டர் நாலும் இதே கதிதான். பைப்பும் துரு. ஒண்ண இறுக்கினா இன்னொண்ணு விடும். எத்தன நாளைக்கு நிக்கும்னு நான் சொல்லமாட்டேன்."

"இத்தன நாளும் ஏன் சொல்லல?"

"அண்ணாச்சிக்குத் தெரியும்ல. ரெண்டு அமுக்குல நிக்குதுன்னு அவுகதான சொன்னாக."

அன்றைக்குக் காரை அவர் பட்டறையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தோம். இன்ஜின் இன்னும் பல வருஷம் ஓடும் என்று விருதுநகர்க்காரர் சொன்னது உண்மைதான். ஓட வைக்க முடியும், நிறுத்த முடியாது. அந்த முடிவில் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. விற்றுவிட்டுப் பாயின் காரை வாங்குவது என்று பேசிக்கொண்டோம்.

ஆடி என்றும் பார்க்காமல் வாங்குவதற்கு ஆளும் வந்தார். மல்லாங்கிணற்றுக்காரர். ஆள் சேர்த்து ஏற்றி, தலைக்கு இவ்வளவு என்று காரியாபட்டிக்கும் விருதுநகருக்கும் ஓட்டுகிறவர். ஒரு காரில் பத்துப் பன்னிரண்டு பேரை அடுக்குவார். கொதிக்காத கார் என்று கேள்விப்பட்டு வந்தார். பட்டறையிலிருந்து எங்கள் வீட்டுவரை ஓட்டிப் பார்த்தார், பிடித்துவிட்டது. நாங்கள் நினைத்ததைவிடக் கூடுதல் விலைக்கே கேட்டார்.

என் வீட்டுக்காரர் மறைக்கவில்லை. "பிரேக்கு சரியில்ல. ரெண்டு அமுக்குக்குத்தான் நிக்கும், சில சமயம் மூணு" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்.

மல்லாங்கிணற்றுக்காரர் சிரித்தார். "ரெண்டுதான? இப்ப நான் ஓட்டுறது நாலு அமுக்கு அண்ணாச்சி!" என்றார். மடியிலிருந்து முன்பணத்தை எடுத்து நீட்டினார்.

என் வீட்டுக்காரர் கையை நீட்டப் போனார். அவர் மேல் தப்பில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டார், கேட்டவர் சம்மதித்துவிட்டார். சந்தையில் மாட்டுக்குக்கூட இவ்வளவு நியாயம் யாரும் பேசுவதில்லை. ஆனால் எனக்கு ரோட்டில் உட்கார்ந்த அந்தப் பெண்ணின் முகம் போகவில்லை.

"இந்தாங்கண்ணே, உங்ககிட்ட சொல்லியாச்சு. ஏறுறவுகளுக்கு யாரு சொல்லுவா? ரோட்டுல நடக்குறவுகளுக்கு யாரு சொல்லுவா?" என்றேன்.

"அது என் பாடு மதினி."

"உங்க பாடு இல்ல. அதுதான் சொல்றேன்."

இரண்டு ஆண்களும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் உள்ளே போகச் சொன்னார். நான் போகவில்லை. காரை முழுசாக விற்கக் கூடாது, பிரித்துத்தான் கொடுக்கணும், என் சங்கிலியும் அதில் இருக்கிறது என்று சொன்னேன். மல்லாங்கிணற்றுக்காரர் பணத்தை மடியில் திரும்பச் செருகிக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லிவிடுங்க அண்ணாச்சி" என்று போய்விட்டார். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மெக்கானிக்கிடம் போய், காரைப் பிரிக்கச் சொல்லிவிட்டு வந்தார். "ரெண்டு வருசமா அதுல எத்தன பிரசவக் கேஸ் ஏத்தியிருப்பேன்" என்று சாப்பிடும்போது ஒரு தடவை சொன்னார். அவ்வளவுதான்.

இன்ஜினை ஒருவர் தண்ணீர் இறைக்கக் கொண்டுபோனார். டயர், பேட்டரி, சீட் எல்லாம் தனித்தனியாகப் போயிற்று. மிச்சம் பழைய இரும்புக்காரருக்கு. மொத்தமாகச் சேர்த்தாலும் மல்லாங்கிணற்றுக்காரர் நீட்டியதில் மூன்றில் ஒரு பங்கு வரவில்லை. பாயின் காரை வாங்க அது எந்த மூலைக்கு?

ஆவணி ஒண்ணாந்தேதி பாயிடம் போய், வாங்க முடியவில்லை என்று சொன்னார். பாய் காரணம் கேட்டுக்கொண்டு, "சரி, அப்ப நீங்க ஓட்டுங்க தம்பி. எனக்கு வேணும்கிற அன்னைக்கு எனக்கு. மத்த நாள் சவாரி, வர்றதுல பாதி" என்றார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் சொந்தக் காருக்கு ஓனர் இல்லை, பாய் காருக்கு டிரைவர். மற்ற டிரைவர்கள் "என்ன மொதலாளி" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். அந்த வலியை அவருக்குக் கொடுத்தது நான். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தும்.

மறு வருஷம் பங்குனியில் பாயைக் கூட்டிவர அவர் திருச்சுழிக்குப் போனார். கார் காலியாகத்தான் போகிறது, கோவிலுக்குப் போய்விட்டு வரலாம் என்று நானும் ஏறிக்கொண்டேன். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். அங்கே மல்லாங்கிணற்றுக்காரரின் கார் நின்றது. எங்கள் பழைய காரின் காலத்து வண்டி. எங்களிடம் கிடைக்காததை வேறு எங்கோ பிடித்திருக்கிறார். காதுகுத்துக்குப் போகிற கூட்டம், உள்ளே பதினோரு பேர். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, சௌக்கியமா?"

என் வீட்டுக்காரர் அந்தக் காரின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். குனிந்து பிரேக் மிதியைக் கையால் அழுத்தினார். அது தரையைத் தொட்டது. விட்டுவிட்டு மறுபடி அழுத்தினார், மறுபடியும் தரைதான். நிமிர்ந்து, உள்ளே இருந்தவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"இந்த வண்டியில பிரேக்கு இல்ல. இறங்குறவுக இறங்கிக்கோங்க. எங்க கார் காலியாத்தான் போகுது. காசு வேணாம்."

அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. மல்லாங்கிணற்றுக்காரர் டீயைக் கீழே கொட்டிவிட்டு ஓடி வந்தார். "ஏன் அண்ணாச்சி என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறீக? இத்தன நாளா ஓட்டல?" என்று கத்தினார். உள்ளே இருந்தவர்கள் எங்களைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சவாரி பிடிக்க வந்த எதிர்க்கட்சி டிரைவர் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பெரியவர், "நேரமாகுது, எடுப்பா வண்டிய" என்றார்.

பின்சீட்டு மூலையிலிருந்து ஒரு சின்னப் பெண் மட்டும் பலர் மடியைத் தாண்டி இறங்கினாள். கையில் நாலைந்து மாதக் குழந்தை. "எங்கடி போற, கூறுகெட்டவளே" என்று அவள் மாமியார் உள்ளிருந்து கத்தினாள். அவள் எங்கள் கார்ப் பக்கம் வந்து நின்றாள்.

"உங்க வண்டி நிக்குமாண்ணே?"

என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து காட்டினார். அவள் குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து, வலது கையால் மிதியை அழுத்திப் பார்த்தாள். கொஞ்சம்தான் இறங்கியது, அங்கேயே நின்றது. இன்னும் பலமாக அழுத்தினாள், அசையவில்லை. பின்சீட்டில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அந்தக் கார் எங்களுக்கு முன்னாலேயே திருச்சுழி போய்ச் சேர்ந்திருந்தது. ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் கோவில் வாசலில் இறங்கி நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். மாமியார் நடுத்தெருவில் வைத்து அவளை ஏசினாள். அந்தப் பெண் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு என் வீட்டுக்காரரிடம் வந்து, எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்டாள்.